"அதே மருந்து, வேறு பிராண்டு" என்று இணைய மருந்தகம் அனுப்பிய மாத்திரையைத் திரும்பப் பெற மறுக்கிறார்கள்

பட்டர்வொர்த்_கலை

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 68. நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாகச் செபராங் ஜெயாவில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் பார்த்து வருகிறோம். கிளினிக்கிலேயே மருந்து வாங்கினால் செலவு கூடுகிறது என்பதால் மருந்துச் சீட்டை எழுதித் தருமாறு கேட்டோம். மருத்துவரும் மறுக்காமல் எழுதிக் கொடுத்தார். அதில் மெட்ஃபார்மினும், டயமிக்ரான் எம்ஆர் 60 மில்லிகிராமும் இருந்தன. டயமிக்ரானுக்கு "காலை உணவுடன் ஒன்று, 30 மாத்திரை, மேலும் இரண்டு முறை வழங்கலாம்" என்று தெளிவாக எழுதியிருந்தார்.

அந்தச் சீட்டைப் படம் எடுத்து ஓர் இணைய மருந்தகத்தில் ஏற்றி ஆர்டர் செய்தோம். அங்கே "இருப்பு இல்லையென்றால் சமமான மருந்து தரலாம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதைத் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறந்தது. பிறகு, சீட்டு சரிபார்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. பார்சலில் வந்ததோ வேறு ஒரு நிறுவனத்தின் கிளிக்லாசைடு 80 மில்லிகிராம். ஒட்டியிருந்த லேபிளில் அம்மாவின் பெயரும், "காலை உணவுடன் 1 மாத்திரை" என்ற குறிப்பும் இருந்தன. மூலப்பொருள் ஒன்றே என்பதால் அம்மா அதையே உட்கொண்டு வந்தார்.

வழக்கமாகக் காலையில் வெறும் வயிற்றில் 7 அளவில் இருக்கும் சர்க்கரை, இப்போது 11, 12 என்று காட்டுகிறது. உணவில் எந்த மாற்றமும் இல்லை. மருந்தகத்திடம் கேட்டபோது, "அதே மருந்துதான், பிராண்டு மட்டுமே வேறு, 60க்குப் பதிலாக 80 அனுப்பியிருக்கிறோம், ஆகவே குறைவு என்று சொல்ல முடியாது, மருந்துகளைத் திரும்பப் பெறுவது எங்கள் விதிமுறையில் இல்லை" என்று பதில் எழுதியிருக்கிறார்கள்.

இது உண்மையிலேயே பிராண்டு மாற்றம்தானா, அல்லது தவறான மருந்தா? தவறான மருந்து என்றால் அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது? மீதி மாத்திரைகளை இப்போது என்ன செய்வது? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தாமான்வாசி

சகோதரி, இது போலி மருந்தாக இருக்கலாம். பெட்டியில் ஹோலோகிராம் ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். MAL என்று தொடங்கும் பதிவு எண்ணை QUEST3+ தளத்தில் தேடிப் பார்க்கலாம். பதிவு எண் இல்லையென்றால் உடனே புகார் செய்யுங்கள்.

பட்டர்வொர்த்_கலை

நன்றி ஐயா. பார்த்துவிட்டேன். ஹோலோகிராம் இருக்கிறது, பதிவு எண்ணைத் தேடினால் அதே பெயரும் அதே நிறுவனமும் வருகின்றன. போலி மருந்து என்ற சந்தேகம் எனக்கு இல்லை.

நாகா_செந்தூல்

கோலாலம்பூரிலிருந்து எழுதுகிறேன். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. பொது மருந்து என்று சொல்லப்படும் மற்ற பிராண்டுகளில் மூலப்பொருள் 20 விழுக்காடு வரை குறையலாம் என்று சட்டமே அனுமதிக்கிறது. அதனால்தான் சர்க்கரை ஏறியிருக்கிறது. எப்போதும் அசல் பிராண்டையே வாங்க வேண்டும் என்று நான் என் குடும்பத்தில் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருக்கிறேன். மேலும், மருத்துவர் சீட்டு தேவைப்படும் மருந்தை இணையத்தில் விற்பதே நம் நாட்டில் சட்டவிரோதம். ஆகவே நீங்கள் நேராகப் போலீசுக்கே போகலாம்.

மருந்தாளர்_பிறை

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்போது பிறையில் ஒரு சிறிய மருந்தகத்தில் இருக்கிறேன். சகோதரி கேட்ட முதல் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் அம்மாவுக்கு வந்தது வேறு பிராண்டு அல்ல; வேறு வகை மாத்திரை.

கிளிக்லாசைடு இரண்டு வடிவங்களில் வருகிறது. ஒன்று சாதாரண மாத்திரை; அது வயிற்றில் விரைவாகக் கரைந்துவிடும். மற்றொன்று மருந்தை மெல்ல மெல்ல, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் வெளிவிடும்படி செய்யப்பட்டது. எம்ஆர் என்ற எழுத்துகள் அதைத்தான் குறிக்கின்றன. மெல்ல வெளிவிடும் வடிவத்தில் குறைந்த அளவே போதும். 30 மில்லிகிராம் எம்ஆர் மாத்திரை ஒன்று, 80 மில்லிகிராம் சாதாரண மாத்திரை ஒன்றுக்கு இணையாகக் கொள்ளப்படுகிறது. அதன்படி பார்த்தால், உங்கள் மருத்துவர் எழுதிய எம்ஆர் 60 என்பது சாதாரண மாத்திரையில் 160 மில்லிகிராமுக்கு ஈடு. அதாவது 80 மில்லிகிராம் மாத்திரை இரண்டு, அதுவும் வழக்கமாகக் காலை ஒன்று, மாலை ஒன்று என்று பிரித்து. உங்கள் அம்மாவுக்குக் காலையில் ஒன்று மட்டும் என்று லேபிள் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். தினமும் கிடைக்க வேண்டிய அளவில் பாதிதான் அவருக்குக் கிடைத்திருக்கிறது. அந்தப் பாதியின் வேகமும் இரவுக்குள் தளர்ந்துவிடும் என்பதால், காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை ஏறியதில் எனக்கு வியப்பில்லை.

"60க்குப் பதிலாக 80 தந்தோம், ஆகவே கூடுதல்" என்று அவர்கள் எழுதியதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. அதை எழுதியவர் மருந்தாளராக இருக்க வாய்ப்பில்லை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கும் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். இங்கே புழக்கத்தில் உள்ள கிளிக்லாசைடில் 30, 60 என்ற எண்களைக் கண்டாலே அது எம்ஆர் என்றும், 80 என்ற எண்ணைக் கண்டாலே அது சாதாரண மாத்திரை என்றும் மருந்து மேசையில் நிற்கும் எங்களில் யாருக்கும் தெரியும். மருத்துவர் அவசரத்தில் எம்ஆர் என்ற எழுத்துகளை விட்டுவிட்டு "60" என்று மட்டும் எழுதியிருந்தால்கூட அந்த எண்ணே காட்டிக் கொடுத்துவிடும்.

இப்போது மிக அவசரமானது இதுதான்: அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். மேலே நான் சொன்ன கணக்கைப் பார்த்துவிட்டு, இன்று மாலையே இன்னொரு மாத்திரையைக் கொடுக்கத் தோன்றும். உங்கள் அம்மாவின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது, வேறு என்னென்ன மருந்துகள் உட்கொள்கிறார் என்பது உங்கள் மருத்துவருக்குத்தான் தெரியும். இன்றே கிளினிக்கைத் தொலைபேசியில் அழைத்து, சர்க்கரை அளவுகளையும் வந்த மாத்திரையின் பெயரையும் சொல்லி, சரியான மருந்து கைக்கு வரும் வரை என்ன செய்வது என்று கேளுங்கள். வீட்டில் பழைய எம்ஆர் மாத்திரைகள் மிச்சம் இருந்தால் அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பெயர் வேறு என்பதால் இரண்டும் வெவ்வேறு மருந்துகள் என்று நினைத்து, இரண்டையும் சேர்த்து விழுங்கிய முதியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாகா_செந்தூல்

ஐயா சொன்ன வடிவ வேறுபாடு எனக்குத் தெரியாது, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 20 விழுக்காடு பற்றி நான் சொன்னது பல இடங்களில் படித்ததுதான்.

மருந்தாளர்_பிறை

தம்பி, அந்த எண் எங்கிருந்து வருகிறது என்றால், பொது மருந்தை அசலோடு ஒப்பிடும் ஆய்விலிருந்து வருகிறது. தன்னார்வலர்களுக்கு இரண்டையும் கொடுத்து, இரத்தத்தில் மருந்து எவ்வளவு சேர்கிறது என்று அளந்து, இரண்டுக்கும் உள்ள விகிதத்தைக் கணக்கிடுவார்கள். சராசரி மட்டும் அல்லாமல், அந்தக் கணக்கின் நம்பக எல்லை முழுவதுமே 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும். அது முழுவதும் உள்ளே அடங்க வேண்டுமானால், சராசரி 100ஐ ஒட்டியே இருந்தாக வேண்டும். மாத்திரைக்குள் இருக்கும் மருந்தை 20 விழுக்காடு குறைத்துப் போடலாம் என்பது அதன் பொருள் அல்ல. கிளிக்லாசைடு எம்ஆர் 60க்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பதிவு பெற்ற கிளிக்லாசைடு எம்ஆர் 60ஐ அனுப்பியிருந்தால், நான் அதைப் பிராண்டு மாற்றம் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். விலை குறைந்திருந்தால் வாங்குமாறும் சொல்லியிருப்பேன். வலிப்பு நோய்க்கான சில மருந்துகள், வார்ஃபரின், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களின் மருந்துகள் போன்றவற்றில்தான் பிராண்டையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும் என்று நாங்கள் கவனமாக இருப்போம்.

இணைய விற்பனையைப் பற்றிச் சொன்னதிலும் பாதிதான் சரி. சந்தைத் தளங்களில் உரிமம் இல்லாத யாரோ ஒருவர் இத்தகைய மருந்தை விற்பது குற்றம். உரிமம் பெற்ற மருந்தாளர் தம் கடையில் சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதி, லேபிள் ஒட்டி, வீட்டுக்கு அனுப்பி வைப்பது வேறு. பார்சலில் உள்ள லேபிளில் எந்தக் கடையின் பெயரும் முகவரியும் இருக்கின்றன என்று சகோதரி பார்க்கட்டும்; புகார் எழுதும்போது அந்தப் பெயர்தான் தேவைப்படும்.

ஆயர்ஈத்தாம்_அண்ணன்

இந்த இழையைப் படித்ததும் என் அப்பாவின் நினைவு வந்தது. அவர் கிளினிக் கெசிஹாத்தானில் மருந்து எடுக்கிறார். அங்கே கிளிக்லாசைடு 80 மில்லிகிராம், காலை இரண்டு, மாலை இரண்டு என்று நாளைக்கு நான்கு மாத்திரை தருகிறார்கள். அவர் மாலை மாத்திரையை அடிக்கடி மறந்துவிடுகிறார். எம்ஆர் 60 மெல்ல வேலை செய்யும் என்றால் அதுவே நல்லது போலத் தெரிகிறது. 80ஐ விட 60 குறைவுதான் என்பதால், நான்கையும் காலையிலேயே கொடுத்துவிடலாம் அல்லவா? எங்கே வாங்கலாம் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மருந்தாளர்_பிறை

அண்ணா, தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். உங்கள் அப்பா இப்போது எடுக்கும் 320 மில்லிகிராம் சாதாரண மாத்திரை, எம்ஆர் கணக்கில் 120 மில்லிகிராமுக்கு ஈடு. அதாவது 60 மில்லிகிராம் எம்ஆர் மாத்திரை இரண்டே. அதுவே ஒரு நாளைக்கு அனுமதிக்கப்படும் உச்ச அளவும்கூட. நீங்கள் நான்கு கொடுத்தால் 240 ஆகிவிடும். உச்ச அளவைப் போல இரண்டு மடங்கு.

அதில் இருக்கும் ஆபத்து சகோதரியின் அம்மாவுக்கு நேர்ந்ததை விடக் கொடியது. சர்க்கரை ஏறினால் நமக்குப் பொதுவாகச் சில நாள் அவகாசம் உண்டு. 4க்குக் கீழே இறங்கினால் நடுக்கம், வியர்வை, குழப்பம் என்று தொடங்கி மயக்கம் வரை போகலாம்; முதியவர்களில் சிலர் வியர்க்காமலேயே, நடுக்கமில்லாமலேயே குழம்பிப் பேசத் தொடங்குவார்கள். வீட்டில் இருப்பவர்கள் அதை வயதின் தளர்ச்சி என்று எண்ணிவிடுவார்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கும் சர்க்கரை, மூன்று தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் கொடுத்ததும் ஏறிவிட்டு, சில மணி நேரத்தில் மீண்டும் இறங்கக்கூடும். எம்ஆர் என்றால் அந்த நேரம் இன்னும் நீளும். அதனால்தான் மருத்துவமனையில் வைத்துக் கவனிக்கிறார்கள்.

மாலை மாத்திரை மறந்துபோவது உண்மையான சிக்கல்தான். அரசு மருத்துவப் பிரிவின் மருந்துப் பட்டியலில் எம்ஆர் வடிவமும் இருக்கிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, "அப்பா மாலையில் மறந்துவிடுகிறார்" என்ற ஒரு வரியைச் சொல்லுங்கள். மாற்றுவதா வேண்டாமா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். வெளியில் தனியாக வாங்கி இரண்டு இடத்து மருந்துகளைக் கலக்க வேண்டாம்.

ஆயர்ஈத்தாம்_அண்ணன்

நல்ல வேளையாகக் கேட்டேன் ஐயா. மருத்துவரிடமே பேசுகிறேன்.

பட்டர்வொர்த்_கலை

மருந்தாளர் ஐயா, மிக்க நன்றி. கிளினிக்கில் பேசிவிட்டேன். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அம்மாவை இன்று மாலையே அழைத்து வரச் சொன்னார். எம்ஆர் மாத்திரையைக் கிளினிக்கிலேயே சில நாளுக்குத் தந்து, நாளை காலையிலிருந்து பழையபடி தொடங்கச் சொல்லியிருக்கிறார். பழைய பெட்டியில் ஒரு பட்டை மிச்சம் இருந்தது. அதையும் எடுத்து வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. "சீட்டு சரிபார்க்கப்பட்டது" என்று செய்தி அனுப்பினார்களே. எதைத்தான் சரிபார்த்தார்கள்?

மருந்தாளர்_பிறை

மிக நியாயமான கேள்வி. சீட்டைச் சரிபார்ப்பது என்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

முதலாவது, சீட்டு செல்லுமா என்று பார்ப்பது. 1952ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்தின்படி மருத்துவரின் கையொப்பம், முகவரி, தேதி, நோயாளியின் பெயர், முகவரி, மருந்தின் மொத்த அளவு, உட்கொள்ளும் முறை ஆகியவை அதில் இருக்க வேண்டும். மீண்டும் வழங்கலாம் என்று மருத்துவர் எழுதாவிட்டால், ஒரு முறைக்கு மேல் வழங்கக் கூடாது. இதைச் செயலியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, வரி வரியாகக் குறியிட்டுவிடலாம். உங்களுக்கு வந்த செய்தி பெரும்பாலும் இதைத்தான் குறிக்கிறது.

இரண்டாவது, சீட்டில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்ப்பது. கடையில் நீங்கள் என் முன்னால் நிற்கும்போது, சீட்டை ஒரு கையிலும் பெட்டியை மறு கையிலும் வைத்துக்கொண்டு பெயர், வடிவம், அளவு என்று மூன்றையும் படிப்பேன், பிறகு பெட்டியை உங்களிடம் திருப்பிக் காட்டி, "வழக்கமாக எடுப்பது இதுதானா?" என்று கேட்பேன். தவறு இருந்தால் பெரும்பாலும் அந்தக் கேள்வியில் பிடிபட்டுவிடும். நோயாளிக்கு மாத்திரையின் பெயர் தெரியாமல் இருக்கலாம். அதன் நிறமும் நீளமும் நிச்சயம் தெரியும். இணையத்தில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. கிடங்கில் ஒருவர் திரையில் வரும் பட்டியலைப் பார்த்து எடுக்கிறார். இருப்பு இல்லாத பொருளுக்கு மாற்றைத் தேடும்போது, கணினி மூலப்பொருளின் பெயரை மட்டும் வைத்துத் தேடினால், கிளிக்லாசைடு என்ற பெயருக்குக் கீழே எம்ஆரும் சாதாரணமும் சேர்ந்தே வந்து நிற்கும். லேபிளோ ஆர்டரில் உள்ள குறிப்பிலிருந்து தானாக அச்சாகிறது. அதனால்தான் புதிய மாத்திரையின் மேல் பழைய அளவுக் குறிப்பு ஒட்டப்பட்டு வந்திருக்க வேண்டும். பார்சல் வெளியே போகும் முன் மருந்தாளர் ஒருவர் படத்தையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இது நின்றிருக்கும். அங்கே உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த லேபிளைப் பார்க்கும் எந்த மருந்தாளரும் இப்படித்தான் ஊகிப்பார்.

வடிவத்தை மாற்றுவதாக இருந்தால், மருத்துவரை அழைத்துக் கேட்டு, புதிய அளவை எழுதி வாங்கிய பிறகே வழங்க வேண்டும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்தது.

வழக்குமனம்

நான் வழக்கறிஞர் அல்லன். ஜார்ஜ்டவுனில் ஒரு சட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருக்கிறேன். திருப்பிக் கொடுப்பது பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

"மருந்துகளைத் திரும்பப் பெறுவதில்லை" என்ற விதிமுறைக்கு நல்ல காரணம் இருக்கிறது. வீட்டுக்குப் போய்த் திரும்பிய பெட்டி வெயிலில் கிடந்ததா, காருக்குள் கிடந்ததா, உள்ளே ஏதாவது மாற்றப்பட்டதா என்று யாருக்கும் தெரியாது; அதை மீண்டும் அலமாரியில் வைத்து இன்னொருவருக்கு விற்கக் கூடாது. ஆனால் அந்தக் காரணம் மறுவிற்பனைக்கு மட்டுமே பொருந்தும். ஆர்டர் செய்யாத பொருளை அனுப்பிவிட்டுப் பணத்தை வைத்துக்கொள்வதற்கு அது காரணமாகாது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவரையும், கேட்டது ஒன்று வந்தது வேறொன்று என்று சொல்பவரையும் ஒரே விதியில் அடைப்பதுதான் இங்கே நடக்கும் பிழை. எனவே உங்கள் கடிதத்தில் "திருப்பிக் கொடுக்க விரும்புகிறேன்" என்று தொடங்காதீர்கள். "சீட்டில் இல்லாத மருந்து வழங்கப்பட்டுள்ளது" என்று தொடங்குங்கள். பிராண்டு என்ற சொல்லையே பயன்படுத்த வேண்டாம். அந்தச் சொல்லை வைத்துத்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள்.

எழுதுவதற்கு முன் சீட்டு, பெட்டியின் எல்லாப் பக்கங்கள், தொகுதி எண், காலாவதித் தேதி, ஒட்டிய லேபிள், மிச்சம் இருக்கும் பட்டைகள் ஆகிய அனைத்தையும் படம் எடுத்து வையுங்கள். அந்தச் "சமமான மருந்து" கட்டம் வரும் பக்கத்தையும் இப்போதே படம் எடுங்கள். நாளை அவர்கள் அதன் வாசகத்தை மாற்றிவிடலாம். மாத்திரைகளை எண்ணி எழுதி வையுங்கள். எழுத்துப் பூர்வமான பதில் வரும் வரை பெட்டியைக் கூரியரிடம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் உங்களிடம் எதுவும் மிஞ்சாது.

அவர்கள் மறுத்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை ஏற்கிறார்கள், வழக்கறிஞர் தேவையில்லை.

நாகா_செந்தூல்

அம்மாவின் உடல்நிலை பாதிக்கப்பட்டதற்கும் சேர்த்து அங்கேயே இழப்பீடு கேட்கலாமே.

வழக்குமனம்

அது முடியாது. உடல் பாதிப்பு தொடர்பான கோரிக்கைகளை அந்த மன்றம் விசாரிப்பதில்லை; அதற்கு வழக்கமான நீதிமன்றம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. மருந்து என்பது பொருள். அதை வாங்கியவர் பயனீட்டாளர். ஆனால் மருந்தாளரின் தொழில்முறைச் சேவை பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று எதிர்த்தரப்பு வாதிடக்கூடும். தவறான பொருள் வந்தது என்ற அளவில் மட்டும் கோரிக்கையைக் குறுக்கிக்கொண்டால் அந்த வாதம் வலுவிழக்கும் என்பது என் கருத்து. மன்றம் எப்படிப் பார்க்கும் என்று உறுதி கூற என்னால் முடியாது. 40 ரிங்கிட்டுக்குக் குறைவான ஒரு மருந்துக்காக அந்த அளவுக்குப் போக வேண்டுமா என்பதும் உங்கள் முடிவுதான்.

அந்தக் கட்டத்தைத் தட்டியதால் நீங்கள் மாற்றத்துக்குச் சம்மதித்துவிட்டீர்கள் என்றும் சொல்வார்கள். "சமமான மருந்து" என்றுதானே எழுதியிருக்கிறது? பாதி அளவு வேலை செய்யும் மாத்திரை சமமானது ஆகாது.

மருந்தாளர்_பிறை

சட்டம் நான் அறிந்த துறை அல்ல. ஆனால் அந்தக் கட்டத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. நோயாளி எந்தக் கட்டத்தைத் தட்டினாலும் எது சமம் என்று முடிவு செய்வது மருந்தாளரின் பொறுப்பு. ஆகவே சகோதரி சம்மதித்தாரா இல்லையா என்ற பேச்சுக்குள் போகவே கூடாது என்று நினைக்கிறேன்.

கடிதத்தில் பணத்தைத் தவிர மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்தக் கடைக்குப் பொறுப்பான மருந்தாளர் யாரோ அவரே உங்களிடம் பேச வேண்டும்; வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அல்ல. இந்தத் தவறு அவர்கள் பதிவேட்டில் மருந்து வழங்கலில் நேர்ந்த பிழையாகப் பதியப்பட வேண்டும். அடுத்ததுதான் பலர் மறப்பது: உங்கள் சீட்டில் மேலும் இரண்டு முறை வழங்கலாம் என்று இருக்கிறது அல்லவா? இந்தத் தவறான பார்சலை ஒரு முறை வழங்கியதாக அவர்கள் கணக்கில் எழுதியிருப்பார்கள். அதைத் திருத்தாவிட்டால், கடைசி மாதத்தில் சீட்டு முடிந்துவிட்டது என்பார்கள்.

பணம் மட்டும் திருப்பித் தருகிறோம், மாத்திரையை நீங்களே எறிந்துவிடுங்கள் என்று சொன்னால், குப்பையிலோ கழிவறையிலோ போட வேண்டாம். புகார் முடியும் வரை வைத்திருங்கள். பிறகு அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்தால் முறையாக அழிப்பதற்காக வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் சரிவரப் பதில் சொல்லாவிட்டால், மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள். பினாங்கிலும் அந்தப் பிரிவு இருக்கிறது.

பட்டர்வொர்த்_கலை

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்ல வந்தேன்.

வழக்குமனம் சொன்ன வாசகத்தோடுதான் கடிதத்தைத் தொடங்கினேன். மறுநாளே அந்தக் கடையின் மருந்தாளர் அழைத்தார். இளம்பெண், சுற்றி வளைக்காமல், மாற்று மருந்து வடிவம் பார்க்காமல் எடுக்கப்பட்டுவிட்டது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அம்மாவின் சர்க்கரை அளவுகளைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பெட்டியைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் திருப்பித் தருவதாகவும், திரும்பி வரும் மாத்திரைகள் தனியே ஒதுக்கி அழிக்கப்படும் என்றும் மின்னஞ்சலில் எழுதிவிட்டார்கள். மின்னஞ்சல் வந்த பிறகே பெட்டியைக் கொடுத்தேன். உட்கொண்டுவிட்ட மாத்திரைகளுக்கும் சேர்த்தே பணம் தந்தார்கள்.

அம்மாவின் காலைச் சர்க்கரை இறங்கத் தொடங்கியிருக்கிறது. இன்னும் 7க்கு வரவில்லை.

சீட்டுக் கணக்கு மட்டும் தீரவில்லை. தவறாக அனுப்பியதும் பதிவேட்டில் ஏறிவிட்டதால் அந்த வரியை நீக்க முடியாது என்கிறார் மருந்தாளர்; திருத்தக் குறிப்பு மட்டும் எழுதலாமாம். ஆனால் அவர்களுடைய செயலி இன்னமும் "மீதி 2" என்றுதான் காட்டுகிறது. சரியாக இருந்தால் 3 என்று இருக்க வேண்டும்.

மருந்தாளர்_பிறை

பதிவேட்டு வரியை அழிக்க முடியாது என்று அவர் சொல்வது சரிதான், அழிக்கவும் கூடாது. திருத்தக் குறிப்பு எழுதப்பட்டால், வழங்கப்பட்டது சீட்டில் உள்ள மருந்து அல்ல என்பது பதிவாகிவிடும். அதன் அடிப்படையில் முதல் தவணை இன்னும் வழங்கப்படவில்லை என்று நான் எடுத்துக்கொள்வேன். வேறொரு மருந்தாளர் தயங்கலாம். அதையும் குறை சொல்ல மாட்டேன். செயலியோடு போராடுவதை விட, மருத்துவரிடம் புதிய சீட்டு ஒன்றை வாங்கிப் பழையதை ரத்து செய்யச் சொல்வது எளிது. இல்லையென்றால் ஒரே மருந்துக்கு இரண்டு சீட்டுகள் நடமாடும்.

வழக்குமனம்

புதிய சீட்டுக்குக் கிளினிக் ஆலோசனைக் கட்டணம் கேட்டால், அந்தத் தொகையையும் மருந்தகத்திடம் கேளுங்கள். அவர்களுடைய தவறால் வந்த செலவுதானே.

பட்டர்வொர்த்_கலை

கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன். புதிய சீட்டில் "எம்ஆர் வடிவம் மட்டும், மாற்ற வேண்டுமானால் என்னை அழைக்கவும்" என்று மருத்துவர் தம் தொலைபேசி எண்ணோடு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.